48 லட்சம் ஃப்ளாட்டுக்கு 4.25% யீல்டு என்கிறார் புரோக்கர், கையில் எவ்வளவு நிற்கும்?

வாடகைவாசி, 2025 ஆகஸ்ட் 4

குரோம்பேட்டையில் ஒரு ரீசேல் ஃப்ளாட் பார்த்திருக்கிறேன். இரண்டு பெட்ரூம், 800 சதுர அடி, இரண்டாவது மாடி, கட்டி 12 வருஷம், மொத்தமே எட்டு வீடு உள்ள சின்னக் கட்டடம். விலை 48 லட்சம் சொல்கிறார்கள். நான் குடிபோகப் போவதில்லை, வாடகைக்கு விடத்தான். புரோக்கர் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் காட்டினார்: மாசம் 17,000, வருஷத்துக்கு 2,04,000, அதை 48 லட்சத்தால் வகுத்தால் 4.25 சதவீதம். "வாடகையும் வரும், விலையும் ஏறும் சார், ஃபிக்ஸட் டெபாசிட்ல ரெண்டும் நடக்குமா" என்று கேட்டார். விலை ஏறுவதை இப்போதைக்கு விடுங்கள். இந்த 4.25 என்பது கிராஸ் என்று தெரியும். நெட் என்றால் எதையெல்லாம் கழிக்க வேண்டும், கழித்தால் என்ன வரும்? கையில் பணம் இருக்கிறது, கடன் இல்லை. இதே மாதிரி வாங்கியவர்கள் கணக்கைச் சொல்லுங்கள்.

மாடிவீட்டு மாமா, ஆகஸ்ட் 4

தம்பி, 4.25 எல்லாம் ஒரு யீல்டா? நான் 2004-ல் அதே குரோம்பேட்டையில், ஸ்டேஷனுக்கு மேற்கே, 9 லட்சத்துக்கு வாங்கினேன். இன்றைக்கு 14,000 வாடகை வருகிறது. வருஷத்துக்கு 1,68,000. போட்டுப் பாருங்கள், 18 சதவீதத்துக்கு மேல் வரும். கணக்குப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தால் வாங்கவே மாட்டீர்கள்.

கணக்குப்புலி, ஆகஸ்ட் 4

மாமா, 2004 விலையில் இப்போது யார் தருகிறார்கள், இவருக்கும் ஒன்று வாங்கிக் கொடுங்கள் :) உங்கள் வீட்டை இன்று விற்றால் 45 லட்சம் வரும் என்று வையுங்கள். அந்த 45 லட்சத்தை விற்காமல் வீட்டிலேயே வைத்திருப்பதற்கு உங்களுக்குக் கிடைப்பது 1,68,000, அதாவது 3.7 சதவீதம், அதுவும் கிராஸ். அந்த 18 சதவீதம் நீங்கள் 21 வருஷத்துக்கு முன்னால் நல்ல முடிவு எடுத்தீர்கள் என்பதற்குச் சான்று, அவ்வளவுதான். இன்று வாங்குகிறவருக்கும் சரி, வைத்துக்கொள்வதா விற்பதா என்று யோசிக்கிற உங்களுக்கும் சரி, இன்றைய விலைதான் வகுக்கிற எண்ணாகக் கீழே வர வேண்டும்.

வாடகைவாசிக்கு: கழிக்கிறதுக்கு முன்னால் அந்த 17,000-ஐ விசாரியுங்கள். குரோம்பேட்டை மாதிரி இடத்தில் 800 சதுர அடிக்கு 17,000 என்றால் பெரும்பாலும் மெயின்டனன்ஸையும் சேர்த்துச் சொல்கிற தொகை. அது அசோசியேஷனுக்குப் போகிற பணம், உங்களுக்கு வருமானம் இல்லை. புரோக்கரிடம் கேட்காதீர்கள். இப்போது குடியிருப்பவரிடமும், அதே கட்டடத்தில் கடைசியாக யாருக்கு வீடு விட்டார்களோ அவரிடமும் கேளுங்கள்.

ஈஎம்ஐ அடிமை, ஆகஸ்ட் 5

இதுல என்ன பெரிய கணக்கு? 30 லட்சம் லோன் போடுங்க, வாடகை ஈஎம்ஐயைக் கட்டிடும், 20 வருஷம் கழிச்சு வீடு சும்மா கிடைச்ச மாதிரி. நான் அப்படித்தான் ஓட்டிக்கிட்டு இருக்கேன். வரியும் மிச்சம்.

வாடகைவாசி, ஆகஸ்ட் 6

நேற்று போய்க் கேட்டேன். கணக்குப்புலி சொன்னதுதான். 17,000-ல் 2,000 மெயின்டனன்ஸ். மூன்றாவது மாடியில் இந்த வருஷம் வந்தவர் 15,000 வாடகை, மெயின்டனன்ஸ் 2,000 தனியாக அசோசியேஷனுக்குக் கட்டுகிறார். நான் பார்த்த வீட்டில் இருப்பவர் 2021-லிருந்து இருக்கிறார், அவர் கொடுப்பது 13,500. ஏற்றவே இல்லையாம். அவரிடம் "நான் வாங்கினால் 15,000 தருவீர்களா" என்று கேட்டதற்குச் சிரித்தார், பதில் சொல்லவில்லை.

ஆக 15,000 என்று வைத்தால் 1,80,000 / 48,00,000 = 3.75. அரை சதவீதம் பேச்சிலேயே போய்விட்டது.

கணக்குப்புலி, ஆகஸ்ட் 6, இரவு

சரி, இப்போது கீழே இருக்கிற எண்ணையும் திருத்துவோம். நீங்கள் போடுகிற பணம் 48 லட்சம் இல்லை. தமிழ்நாட்டில் ரீசேலுக்கு முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 2023 மார்ச் வரை பதிவுக் கட்டணம் 4 இருந்தது, வழிகாட்டி மதிப்பை ஏற்றியபோது இதைக் குறைத்தார்கள். 48-க்கு 9 சதவீதம் என்றால் 4,32,000. புரோக்கர் ஒரு சதவீதம் 48,000. வக்கீல் பார்வை, வில்லங்கச் சான்று, பத்திரம் எழுதுகிற செலவு எல்லாம் 20,000 என்று வையுங்கள். 12 வருஷக் கட்டடம், வாடகைக்கு விடுவதற்கு முன்னால் பெயிண்ட், பாத்ரூம் ஒழுகல், பழைய வயரிங், குழாய் என்று ஒரு லட்சம் வைக்காமல் முடியாது. கூட்டினால் 54 லட்சம். 1,80,000-ஐ 54-ஆல் வகுத்தால் 3.33. இன்னும் ஒரு செலவும் கழிக்கவில்லை, இதுவும் கிராஸ்தான். பலர் நெட் போடும்போது மேலே மட்டும் கழித்துவிட்டுக் கீழே பழைய விலையையே வைத்துக்கொள்கிறார்கள். பத்திரச் செலவு ஒரு தடவைதானே என்பார்கள். ஒரு தடவைதான், ஆனால் அந்தப் பணம் திரும்பி வரப்போவதில்லை, அது வேறு எங்காவது இருந்திருந்தால் வருஷா வருஷம் வட்டி கொடுத்திருக்கும்.

இப்போது ஆண்டுச் செலவு. ஒரு குடித்தனம் சராசரியாக இரண்டு வருஷம் இருக்கும், போனதும் ஒரு மாசம் வீடு காலியாகக் கிடக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். அந்த மாசம் 15,000 வாடகை போகும், மெயின்டனன்ஸ் 2,000-ஐ நீங்கள் கட்டுவீர்கள். இரண்டு வருஷத்துக்கு 17,000, வருஷத்துக்கு 8,500. புது ஆள் பிடிக்க புரோக்கருக்கு ஒரு மாச வாடகை, அதிலும் பாதி, 7,500. குழாய், கீஸர், கதவுப் பூட்டு, கசிவு என்று 10,000. சொத்து வரியும் மற்ற உள்ளாட்சிக் கட்டணங்களும் 5,000. அசோசியேஷன் சிறப்பு வசூல் என்று ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை 40,000 வரும் என்று வைத்து வருஷத்துக்கு 8,000. கூட்டினால் 39,000.

1,80,000-ல் 39,000 போக 1,41,000. 54 லட்சத்துக்கு 2.61 சதவீதம். வருமான வரிக்கு முன்னால்.

ஈஎம்ஐ அடிமை, ஆகஸ்ட் 7

இப்படிக் கழிச்சா யாரும் வீடே வாங்க மாட்டாங்க. ஒரு சதவீதம் குறைச்சிக்கிட்டா போதும்னு என் மாமனார் சொல்வார். கிராஸ் 3.75, நெட் 2.75. முடிஞ்சது.

கணக்குப்புலி, ஆகஸ்ட் 7

உங்கள் மாமனார் விடைக்குப் பக்கத்தில்தான் வருகிறார், அது உண்மை. ஆனால் அந்த ஒரு சதவீதம் எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. செலவுகள் வாடகையோடு சேர்ந்து ஏறி இறங்குவதில்லை. பாத்ரூம் கசிவைச் சரி செய்ய 10,000 வாடகை வீட்டிலும் 40,000 வாடகை வீட்டிலும் கிட்டத்தட்ட ஒரே காசுதான். அதனால் சின்ன வீட்டில், வாடகையில் செலவு தின்கிற பங்கு பெரிசு. இந்த வீட்டில் 1,80,000-ல் 39,000, ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல்.

செக்ரட்டரி அக்கா, ஆகஸ்ட் 7

நான் ஒரு 12 வீட்டுக் கட்டடத்துக்கு அசோசியேஷன் செக்ரட்டரி, வேறு யாரும் வரமாட்டேன் என்றதால். கணக்குப்புலி சொன்ன 8,000-தான் எனக்கு உறுத்துகிறது. எட்டு வீடு, 12 வயசு, லிஃப்ட் இருக்கிறதா? லிஃப்ட்டுக்குக் கயிறும் கன்ட்ரோலரும் மாற்றுகிற வயசு வந்துவிட்டது. மொட்டை மாடி வாட்டர் ப்ரூஃபிங், வெளிப்பக்கப் பெயிண்ட், போர்வெல் மோட்டார், சம்ப் சுத்தம், இவை எல்லாம் எட்டால்தான் வகுபடும். அறுபது வீட்டு வளாகத்தில் மாடி வேலைக்கு ஒரு வீட்டுக்குச் சில ஆயிரம் வரும். எட்டு வீட்டில் 2,40,000 ஆனால் ஆளுக்கு 30,000, அதிலும் இரண்டு பேர் வெளிநாட்டில் இருந்துகொண்டு மெசேஜைப் படித்துவிட்டுப் பதில் போட மாட்டார்கள்.

அசோசியேஷன் கணக்கில் பெரிய வேலைகளுக்கு என்று சேர்த்து வைக்கிற கார்ப்பஸ் எவ்வளவு இருக்கிறது என்று கேளுங்கள். மினிட்ஸ் புத்தகம் இருந்தால் கடைசி இரண்டு வருஷத்தைப் பாருங்கள். "மாடி ஒழுகல் பற்றி விவாதிக்கப்பட்டது, அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது" என்று இருந்தால் அந்தச் செலவு உங்கள் தலையில்தான். மாதம் 2,000 மெயின்டனன்ஸ் என்பது எட்டு வீட்டுக்கு 16,000. வாட்ச்மேன், பொது மின்சாரம், பெருக்குகிறவர், லிஃப்ட் ஏஎம்சி. இதில் மிச்சம் பிடிக்க ஒன்றும் இருக்காது. கோடையில் லாரித் தண்ணீர் வாங்கினால் அதுவும் தனி வசூல்.

வாடகைவாசி, ஆகஸ்ட் 9

அக்கா, லிஃப்ட் இருக்கிறது. கார்ப்பஸ் கேட்டேன், "இருக்கு சார், கொஞ்சம்" என்றார்கள். பாஸ்புக்கில் 22,000 சொச்சம். மாடியில் போய்ப் பார்த்தேன், தளத்து ஓடு இரண்டு இடத்தில் தட்டினால் வெற்றுச் சத்தம் வருகிறது.

செக்ரட்டரி அக்கா, ஆகஸ்ட் 9

அப்போ 8,000 போதாது. 15,000 வையுங்கள் வருஷத்துக்கு. எல்லா வருஷமும் கேட்க மாட்டார்கள், கேட்கிற வருஷம் மொத்தமாகக் கேட்பார்கள்.

கணக்குப்புலி, ஆகஸ்ட் 9

ஏற்றுக்கொள்கிறேன். அக்கா சொல்கிற 7,000 கூடுதலைச் சேர்த்தால் செலவு 46,000, கையில் 1,34,000, நெட் 2.48. புரோக்கர் தாளில் இருந்த 4.25-ல் பாதிக்குக் கொஞ்சம் மேல்.

ஈஎம்ஐ அடிமைக்கும் பதில் பாக்கி இருக்கிறது. வாடகைவாசி கடன் வாங்கப் போவதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். யீல்டு என்பது வீடு எவ்வளவு சம்பாதிக்கிறது என்பது. நீங்கள் எங்கிருந்து பணம் புரட்டினீர்கள் என்பது வேறு விஷயம். இருந்தாலும் உங்கள் கணக்கையே பார்ப்போம். 30 லட்சம், எட்டரை சதவீதம், 20 வருஷம் என்றால் ஈஎம்ஐ 26,000 சொச்சம். இந்த வீடு செலவு போக மாசம் கொடுப்பது 11,200 அளவு. வாடகை ஈஎம்ஐயைக் கட்டவில்லை, பாதியைக்கூடக் கட்டவில்லை. மிச்சத்தை உங்கள் சம்பளம் கட்டுகிறது. இரண்டரை சதவீதம் சம்பாதிக்கிற பொருளை எட்டரை சதவீத வட்டிக்கு வாங்கினால், கடன் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு ஆழம் கூடும். விலை ஏற்றம்தான் அதைத் தூக்கிவிட வேண்டும்.

ஈஎம்ஐ அடிமை, ஆகஸ்ட் 10

வரி மிச்சத்தை விட்டுட்டீங்க. வட்டியை வாடகையில கழிச்சு, நஷ்டத்தைச் சம்பளத்துல கழிக்கலாம், ரெண்டு லட்சம் வரை.

கணக்குப்புலி, ஆகஸ்ட் 10

பழைய வரிமுறையில் சரி. புதிய முறையில் வாடகை வருமானம் இருக்கிற வரைக்கும் வட்டியைக் கழிக்கலாம், ஆனால் அதற்குமேல் வருகிற நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. நீங்கள் எந்த முறையில் இருக்கிறீர்கள் என்று உங்கள் கம்பெனியில் கொடுத்த படிவத்தைப் பாருங்கள்.

ஈஎம்ஐ அடிமை, ஆகஸ்ட் 10

...பார்க்கிறேன்.

வாடகைவாசி, ஆகஸ்ட் 11

நான் புதிய முறை. 20 சதவீத அடுக்கில் இருக்கிறேன். எனக்கு வரிக்கு அப்புறம் எவ்வளவு? இந்த 46,000 செலவுக்கும் பில் வைக்க வேண்டுமா?

கணக்குப்புலி, ஆகஸ்ட் 11

பில் தேவையில்லை, ஏனென்றால் உண்மைச் செலவை அவர்கள் கேட்பதே இல்லை. வந்த வாடகையில் கட்டிய சொத்து வரியைக் கழித்து, மிச்சத்தில் 30 சதவீதத்தை மொத்தமாகத் தள்ளிவிடுகிறார்கள். நீங்கள் ஒரு ரூபாய் செலவழித்திருந்தாலும் 30, வீட்டையே இடித்துக் கட்டினாலும் 30.

உங்கள் வீட்டில்: காலி மாசத்தைச் சராசரியாகக் கழித்தால் வருஷத்துக்கு வருகிற வாடகை 1,72,500. அந்த 5,000 முழுவதும் சொத்து வரி என்றே வைத்தால் 1,67,500. அதில் 30 சதவீதம் தள்ளினால் வரிக்கு உட்பட்டது 1,17,250. 20 சதவீத அடுக்கு, செஸ் சேர்த்து 20.8, வரி 24,388. கையில் 1,09,600 அளவு. 54 லட்சத்துக்கு 2.03. 30 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு இதே வீடு 1.80 கொடுக்கும். ஆக "நெட்" என்று யாராவது சொன்னால் வரிக்கு முன்னாலா பின்னாலா என்று கேளுங்கள். ஒரே வீட்டுக்கு இரண்டு பேருக்கு இரண்டு விடை வரும் என்பதால் வீடுகளை ஒப்பிடும்போது நான் வரிக்கு முந்தியதையே வைத்துக்கொள்கிறேன். வேறு முதலீட்டோடு ஒப்பிடும்போது இரண்டு பக்கமும் வரியைக் கழித்துவிட வேண்டும். டெபாசிட் வட்டிக்கு இந்த 30 சதவீதத் தள்ளுபடி கிடையாது, அதையும் மறக்காதீர்கள்.

மாடிவீட்டு மாமா, ஆகஸ்ட் 12

எல்லாம் சரி, அட்வான்ஸை ஏன் யாரும் பேசவில்லை? எங்கள் காலத்தில் பத்து மாசம் வாங்குவோம். அதை வங்கியில் போட்டால் வட்டி.

செக்ரட்டரி அக்கா, ஆகஸ்ட் 12

மாமா, 2019-லிருந்து அமலில் இருக்கிற வாடகைச் சட்டம் மூன்று மாசம் என்கிறது. எங்கள் கட்டடத்தில் இப்போது வருகிறவர்கள் அதைத் தெரிந்துகொண்டுதான் பேசுகிறார்கள். நான்கு, ஐந்தில் முடிகிறது.

கணக்குப்புலி, ஆகஸ்ட் 12

மூன்று மாசம் என்றால் 45,000. ஆறரை சதவீதம் வைத்தாலும் வருஷத்துக்கு மூவாயிரத்துக்குக் கீழே. யீல்டில் 0.05. பத்து மாசம் வாங்கினால்கூட 0.18 வரும். திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம் என்பதால் நான் கணக்கில் சேர்ப்பதில்லை, சேர்க்கிறவர்களோடு சண்டையும் இல்லை.

அப்புறம், காலி செய்யும்போது பெயிண்டுக்கு என்று ஒரு மாச வாடகையை அட்வான்சில் பிடிக்கிற வழக்கம் இருக்கிறதே, அதை வருமானமாக எழுதாதீர்கள். அந்தப் பணம் பெயிண்ட்டுக்கே போய்விடும். அதனால்தான் என் 10,000-ல் பெயிண்ட்டைச் சேர்க்கவில்லை.

மாடிவீட்டு மாமா, ஆகஸ்ட் 12

பெயிண்ட் அடிக்காமலேயே அடுத்த ஆளுக்கு விடுகிறவர்களும் உண்டு. நான் இல்லை.

திருப்பூர் லைன், ஆகஸ்ட் 14

படித்துக்கொண்டே வந்தேன். நீங்கள் எல்லாம் ஃப்ளாட்டிலேயே சுற்றுகிறீர்கள். திருப்பூரில் எனக்கு ஐந்து லைன் வீடு இருக்கிறது, பனியன் கம்பெனிக்காரர்களுக்கு விடுவது. ஒரே மாடல் போட்டுச் சொல்கிறேன். வாங்கிய விலை 50 லட்சம், பத்திரம் 4.5 லட்சம். வீட்டுக்கு 5,000 வீதம் ஐந்து வீடு, வருஷத்துக்கு 3 லட்சம், கிராஸ் 6 சதவீதம். கேட்க இனிப்பாக இருக்கும்.

ஐந்தில் ஒன்று எப்போதும் காலி. 60,000 போச்சு. செப்டிக் டேங்க் லாரி, கோடையில் தண்ணி, தகரம், கதவு என்று 45,000. வாடகை வசூல் பண்ணிப் பார்த்துக்கொள்கிறவருக்கு மாசம் ஆயிரம். மிச்சம் 1,83,000. 54.5-க்கு 3.36. கிராஸில் உங்களைவிட எனக்கு இரண்டேகால் அதிகம், நெட்டில் ஒன்றுகூட அதிகம் இல்லை. ஆனால் கீழே இருக்கிற இடம் முழுக்க என்னுடையது. 2020 ஊரடங்கில் எல்லோரும் ஊருக்குப் போனபோது ஐந்தும் காலி, அந்த வருஷத்தை நான் சராசரியில் சேர்க்கவே இல்லை.

வாடகைவாசி, ஆகஸ்ட் 14

சேர்க்காவிட்டால் எப்படி சார் சராசரி?

திருப்பூர் லைன், ஆகஸ்ட் 14

சேர்த்தால் என் வீட்டுக்காரம்மா படிப்பார்.

கணக்குப்புலி, ஆகஸ்ட் 15

திருப்பூர்க்காரர் சொன்னதில் முக்கியமான விஷயம் இருக்கிறது. கிராஸ் அதிகமாகத் தெரிகிற இடத்தில் பெரும்பாலும் ஏதோ ஒரு காரணத்துக்காக விலை குறைவாக இருக்கும். தாம்பரம் பக்கத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளை 2015 வெள்ளத்துக்குப் பிறகு நினைத்துப் பாருங்கள். தண்ணீர் ஏறுகிற தெருவில் விலை இறங்கும், வாடகை அதே வேகத்தில் இறங்காது. தாளில் யீல்டு அழகாக ஏறிவிடும். அந்த ஆபத்து கிராஸில் தெரியாது. காலி மாசத்திலும் ரிப்பேரிலும் பின்னால் வந்து சேரும். அதனால் இரண்டு வீட்டைக் கிராஸ் வைத்து ஒப்பிடவே கூடாது என்று சொல்லமாட்டேன். ஒரே தெருவில், ஒரே வயசுக் கட்டடங்களில், பத்து வீட்டைச் சீக்கிரம் சலிக்க அது போதும். தெரு மாறினால், வகை மாறினால் நெட் போடாமல் பேசுவது வீண்.

மாடிவீட்டு மாமா, ஆகஸ்ட் 15

எல்லோரும் விலை ஏற்றத்தை மறந்துவிட்டுப் பேசுகிறீர்கள். 9 லட்சம் 45 ஆகியிருக்கிறது. இதை எந்த டெபாசிட் கொடுத்தது?

கணக்குப்புலி, ஆகஸ்ட் 15

அது உண்மை, மறுக்கவில்லை. 21 வருஷத்தில் ஐந்து மடங்கு என்றால் வருஷத்துக்குக் கூட்டுவட்டியாக எட்டு சதவீதம் அளவு. வாடகையையும் சேர்த்தால் நல்ல முதலீடுதான். ஆனால் வாடகைவாசி வாங்குவது 12 வருஷக் கட்டடம். இன்னும் 20 வருஷத்தில் அது 32 வயசு. அப்போது விலை என்பது யுடிஎஸ், அதாவது மனையில் அவருக்கு உள்ள பிரிக்கப்படாத பங்கு, அந்த நிலத்துக்கான விலைதான், கட்டடத்துக்கு ஒன்றும் தரமாட்டார்கள். யுடிஎஸ் எவ்வளவு சார்?

வாடகைவாசி, ஆகஸ்ட் 16

பத்திரத்தில் 360 சதுர அடி.

கணக்குப்புலி, ஆகஸ்ட் 16

மோசமில்லை. ஆனால் இது யீல்டு கணக்குக்குள் வராது. வாடகை வரவை ஒரு தாளிலும் விலை ஏற்றத்தை இன்னொரு தாளிலும் எழுதுங்கள். முதல் தாளில் இருப்பதைப் போய் விசாரிக்க முடியும், இரண்டாவது தாள் முழுக்க உங்கள் நம்பிக்கை.

வாடகைவாசி, ஆகஸ்ட் 19

புது விஷயம். உரிமையாளர் தரப்பில் 35 லட்சத்துக்குப் பத்திரம் போட்டு மிச்சம் 13 லட்சத்தைக் கையில் கொடுக்கச் சொல்கிறார்கள். வழிகாட்டி மதிப்பு அதற்குள் வருகிறதாம். "உங்களுக்கும் லாபம் சார், யீல்டு ஏறும்" என்கிறார் புரோக்கர். இப்போது அவரும் யீல்டு பேசுகிறார்.

கணக்குப்புலி, ஆகஸ்ட் 19

ஏறும். எவ்வளவு ஏறும் என்று பாருங்கள். 13 லட்சத்துக்கு 9 சதவீதம் 1,17,000 மிச்சம். அடக்கம் 54-லிருந்து 52.83 ஆகும். நெட் 2.48 இருந்தது 2.54 ஆகும். இந்த 0.06-க்காக, நாளைக்கு நீங்கள் விற்கும்போது உங்கள் வாங்கிய விலை 35 என்றுதான் பத்திரம் சொல்லும். அந்த 13 லட்சமும் உங்கள் லாபமாகக் கணக்காகி, 12.5 சதவீத மூலதன ஆதாய வரி 1,62,500, செஸ் தனி. மிச்சம் பிடித்ததைவிட அதிகம். அப்போது உங்களிடம் வாங்குகிறவர் முழு விலைக்குப் பத்திரம் போட்டால் அப்படித்தான் ஆகும். அது போக, சொத்து விற்பனையில் 20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவதே வருமான வரிச் சட்டத்தில் தடை. ரொக்கத்தைக் கையில் வாங்குகிற உரிமையாளருக்கு அதே அளவு அபராதம் போட முடியும். லாபம் அவருக்கு, பத்திரத்தில் பெயர் உங்களுக்கு.

ஈஎம்ஐ அடிமை, ஆகஸ்ட் 19

எங்க ஏரியாவுல எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க.

செக்ரட்டரி அக்கா, ஆகஸ்ட் 19

எங்க ஏரியாவுலேயும். அவர்கள் யாரும் இன்னும் விற்கவில்லை.

வாடகைவாசி, ஆகஸ்ட் 21

முழு விலைக்கே பத்திரம் என்று சொல்லிவிட்டேன். ஒரு நாள் பேச்சு நின்றது, பிறகு அவர்களே கூப்பிட்டார்கள், 45-க்கு இறங்கியிருக்கிறார்கள். நானே போட்டுப் பார்த்தேன்: 45, பத்திரம் 4.05, புரோக்கர் 0.45, மற்றது 1.2, மொத்தம் 50.7. 1,34,000-ஐ வகுத்தால் 2.64.

பின்னாலிருந்தும் போட்டேன். எனக்கு வரிக்கு முன்னால் 3 சதவீதமாவது வேண்டும் என்றால் அடக்கம் 44.67 லட்சத்தைத் தாண்டக்கூடாது. அதிலிருந்து 1.2-ஐக் கழித்து 1.10-ஆல் வகுத்தால் விலை 39.5 லட்சம். இதைப் போய்ச் சொன்னால் படியிலேயே நிறுத்திவிடுவார்கள்.

கணக்குப்புலி, ஆகஸ்ட் 21

அந்தக் கடைசிக் கணக்குதான் எனக்குப் பிடித்தது. வாடகை உங்கள் கையில் இல்லை, ஊர் முடிவு செய்கிறது. பேரம் பேச முடிவது விலையில் மட்டும். 39.5 கிடைக்காது. ஆனால் 45-லிருந்து 43 கிடைத்தால் 2.76. அதற்குமேல் நீங்கள் கொடுப்பது யுடிஎஸ்ஸுக்கும் நம்பிக்கைக்கும் என்று தெரிந்தே கொடுக்கிறீர்கள்.

ஒன்று விட்டுப்போச்சு. இப்போது இருக்கிறவர் 13,500-லேயே தொடர்ந்தால் வருஷத்துக்கு 18,000 குறையும். 1,16,000-ஐ 50.7-ஆல் வகுத்தால் 2.29. அவர் காலி செய்து புது ஆள் வந்தால் காலி மாசமும் புரோக்கரும் முதல் வருஷத்திலேயே வரும். முதல் வருஷ யீல்டு எப்படிப் பார்த்தாலும் இந்தத் தாளில் இருப்பதைவிடக் குறைவுதான்.

மாடிவீட்டு மாமா, ஆகஸ்ட் 22

நாலு வருஷமாக ஒழுங்காக வாடகை கொடுக்கிறவரை 1,500-க்காகத் துரத்தாதீர்கள். என் அனுபவம் அது. 14,250-க்குக் கேட்டுப் பாருங்கள்.

கணக்குப்புலி, ஆகஸ்ட் 22

இதில் மாமா சொல்வது கணக்குக்கும் ஒத்து வருகிறது. 750 குறைவு என்றால் வருஷத்துக்கு 9,000. அவர் இன்னும் இரண்டு வருஷம் இருந்தால், காலி மாசம், புரோக்கர் என்று நாம் கழித்த 16,000 வருஷத்துக்கு மிச்சம். நல்ல குடித்தனக்காரர் யீல்டை ஏற்றுகிறார், வாடகை குறைவாக இருந்தாலும்.

ஈஎம்ஐ அடிமை, ஆகஸ்ட் 23

சரி, ஒரு கேள்வி. நான் படிவத்தைப் பார்த்தேன். புதிய முறைதான் போட்டிருக்கேன். ரிட்டர்ன் இன்னும் போடலை, சம்பளம் மட்டும்தான், பிசினஸ் இல்லை. மாத்திக்கலாமா?

கணக்குப்புலி, ஆகஸ்ட் 23

பிசினஸ் வருமானம் இல்லையென்றால் கடைசித் தேதிக்குள் ரிட்டர்ன் போடும்போது பழைய முறையைத் தேர்ந்தெடுக்கலாம். இரண்டிலும் வரியைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், ஹவுஸ் லோன் வட்டி ஒன்றுக்காக மாறினால் சிலருக்கு நஷ்டம். தனி இழை போடுங்கள், இங்கே வேண்டாம்.

செக்ரட்டரி அக்கா, ஆகஸ்ட் 24

வாடகைவாசி, 43-க்கோ 45-க்கோ, முடிப்பதற்கு முன் அசோசியேஷனிடம் நிலுவை இல்லை என்று எழுத்தில் வாங்குங்கள். பழைய பாக்கியைப் புது ஓனரிடம் கேட்பது எங்கள் வழக்கம், எல்லா இடத்திலும் அதுதான். அந்த மாடி ஓட்டு வேலைக்கு ஏற்கெனவே தீர்மானம் போட்டிருந்தால், விற்கிறவர் பங்கை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். ஈபி இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள். 12 வருஷக் கட்டடத்தில் இன்னும் பில்டர் பெயரிலேயே இருக்கிற வீடுகள் உண்டு.

வாடகைவாசி, ஆகஸ்ட் 24

ஈபி பில்டர் பெயரில்தான் அக்கா. நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? நாளை 43 சொல்லப் போகிறேன், மாடி வேலைக்கு 30,000 தனியாகக் கேட்கிறேன்.